கணக்குப் பிரிவில் சார்ஜ் கொடுப்பது: ஒப்படைப்புக் குறிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய, நடுத்தர கம்பெனிகளில் ஜிஎஸ்டி, டிடிஎஸ், சம்பளம், பேங்க் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் விலகும்போது எழுத வேண்டிய ஒப்படைப்புக் குறிப்பைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள். உதாரணங்களுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அங்கே துணி ஜாப் ஒர்க்குக்கு வெளியே போய்த் திரும்பி வருவதால் கணக்கில் பாதியில் நிற்கும் விஷயங்கள் அதிகம், ஒப்படைப்பில் எது தவறும் என்பதும் அங்கே சீக்கிரம் தெரிந்துவிடும்.

அடுத்த மாசம் ரிலீவ் ஆகிறேன். ஒப்படைப்புக் குறிப்பை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

உங்களிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்விகளிலிருந்து ஆரம்பியுங்கள். கம்ப்யூட்டரில் புதிய ஃபைலைத் திறந்து "எனது பணிகள்" என்று தலைப்பிட்டு உட்கார்ந்தால், "கொள்முதல் பில் பதிவு, விற்பனை பில் பதிவு, ஜிஎஸ்டி தாக்கல்" என்று வேலை விளம்பரம் மாதிரி ஒன்றுதான் வரும். அதெல்லாம் வருகிறவருக்குத் தெரியும். தெரிந்ததால்தானே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பதில் ஒரு நோட்டை மேஜையில் வையுங்கள். கட்டிங் செக்ஷனிலிருந்து, ஸ்டோரிலிருந்து, முதலாளியிடமிருந்து, ஆடிட்டர் ஆபீஸிலிருந்து யார் எதைக் கேட்டாலும், நீங்கள் எதையும் திறந்து பார்க்காமல் மனதிலிருந்தே பதில் சொன்னால் அதை ஒரு வரி குறித்து வையுங்கள். "அந்த நூல் மில்லுக்கு எப்போ பணம் போடணும்?" "வெள்ளிக்கிழமை போட்டா போதும், அவங்க சனிக்கிழமை காலைலதான் ஸ்டேட்மென்ட் பார்ப்பாங்க." இப்படி வாயில் சொல்லிவிட்டுப் போகிற பதில்கள் எந்த ஃபைலிலும் இருக்காது. நீங்கள் போன பிறகு போன் வரப்போவதும் இவற்றுக்காகத்தான். ஒரு முழு மாதச் சுற்று இப்படிக் குறித்தால் குறிப்பில் பாதி தானாகவே தயாராகியிருக்கும். நோட்டீஸ் காலம் தொடங்கிய அன்றைக்கே நோட்டை எடுத்துவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் எடுத்தால் மாதத்தின் முதல் இருபது நாளில் நடக்கும் விஷயங்கள் உங்கள் நினைவிலேயே வராது.

கடைசித் தேதி எல்லாம்தான் எல்லாருக்கும் தெரியுமே, அதையும் எழுதணுமா?

தேதியை எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். டிடிஎஸ் 7-ம் தேதி, மாதாந்திர GSTR-1 11-ம் தேதி, பிஎஃப், இஎஸ்ஐ 15-ம் தேதி, GSTR-3B 20-ம் தேதி என்பது ஆடிட்டர் ஆபீஸ் காலண்டரிலேயே இருக்கும். அந்தத் தேதிக்குள் முடிக்க உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பது மட்டும்தான் எங்கேயும் இருக்காது.

பிஎஃப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டுமானால் வருகைப் பதிவு உங்கள் கைக்கு 6-ம் தேதியாவது வர வேண்டும். ஃபேக்டரியில் அதைத் தருபவர் ஒருவர், பீஸ் ரேட் கணக்கைத் தருபவர் இன்னொருவர். இரண்டும் பொருந்தவில்லை என்றால் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது, புதிதாகச் சேர்ந்தவருக்கு யுஏஎன் இல்லை என்றால் யாரிடம் ஆதார் நகல் கேட்பது, சலான் போட்ட பிறகு பணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது, அந்தக் கணக்கில் அன்றைக்குப் பணம் இருக்குமா? இவற்றை வரிசையாக எழுதினால்தான் அது ஒப்படைப்பு.

அதனால் ஒவ்வொரு கடைசித் தேதிக்கும் கீழே மூன்று வரி எழுதச் சொல்வேன்: தகவல் யாரிடமிருந்து எந்தத் தேதியில் வரும், வராவிட்டால் யாரிடம் போக வேண்டும், பணம் எங்கிருந்து போகும். இந்த மூன்றும் இருந்தால் 14-ம் தேதி மாலை "அண்ணா, அட்டென்டன்ஸ் இன்னும் வரலையே, என்ன பண்றது?" என்ற போன் வராது.

மாதாமாதம் வராத தேதிகளைத் தனியாக, முதல் பக்கத்திலேயே போடுங்கள். தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, அதுவும் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ போகிறது. மார்ச் மாத டிடிஎஸ்ஸுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு, மற்ற மாதங்களுக்கு 7-ம் தேதிதான். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்குக்கான ITC-04, ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால் அரையாண்டுக்கு ஒருமுறை, அதற்குள் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை. புதிதாக வருபவர் முதல் இரண்டு மாதம் எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது இவைதான் திடீரென்று முன்னால் வந்து நிற்கும்.

தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். ஜூன் 10-ல் பிடித்த டிடிஎஸ்ஸை ஜூலை 7-க்குள் கட்டாமல் 8-ம் தேதி கட்டினால், ஒரு நாளுக்கான வட்டி அல்ல, மாதத்துக்கு 1.5 சதவீதம் என்று ஜூனையும் ஜூலையையும் சேர்த்து 3 சதவீதம் கேட்டு வரும். இது தெரிந்தவர் 7-ம் தேதி மாலை வேறு எந்த வேலையையும் கையில் எடுக்க மாட்டார்.

நான் விலகி மூணு மாசம் ஆச்சு. இன்னும் என் செல்லுக்குத்தான் ஓடிபி வருது. எப்படி நிறுத்துறது?

இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: கம்பெனி எந்தெந்தத் தளத்தில் உங்கள் எண்ணை வைத்திருக்கிறது என்று பட்டியல் எழுதி, ஒரே நாளில் உட்கார்ந்து மாற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு ஓடிபியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் இது முடியாது.

இன்னும் விலகாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலகிய பிறகு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி ஓடிபி கேட்டுத்தான் வருகிறது. எவ்வளவு நல்ல குறிப்பு எழுதினாலும் இந்த ஒரு வேலையைச் செய்யாவிட்டால் போன் நிற்காது. எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை இது, விலகும் முன் செய்து முடிக்கிற விஷயம். குறிப்பில் "மாற்றியாகிவிட்டது, இன்ன தேதி" என்று மட்டும்தான் வர வேண்டும்.

ஜிஎஸ்டி தளத்தில் வரிசை முக்கியம். அங்கீகரிக்கப்பட்ட கையெழுத்தாளராக உங்கள் பெயர் இருந்தால், முதலில் புதியவரையோ முதலாளியையோ சேர்த்து, அவரை Primary Authorized Signatory என்று குறித்து, அவருடைய செல், மின்னஞ்சல் இரண்டையும் ஓடிபி மூலம் உறுதி செய்ய வேண்டும். அப்புறம்தான் உங்கள் பெயரை எடுக்க வேண்டும். இதற்கு Amendment of Registration Non-Core Fields என்ற பகுதி இருக்கிறது. அதிகாரி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விண்ணப்பத்தையே இப்போதுள்ள கையெழுத்தாளர்தான் சமர்ப்பிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் நீங்கள் நாற்காலியில் இருக்கும்போதே முடிக்கச் சொல்கிறேன். நீங்கள் போய், உங்கள் எண்ணும் மாறிவிட்டால், கம்பெனி ஆவணங்களோடு ஜிஎஸ்டி அலுவலரைப் பார்த்து மாற்றச் சொல்ல வேண்டிவரும். GSTR-3B கடைசித் தேதிக்கு முந்தின நாள் அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

வருமான வரித் தளத்தில் கம்பெனியின் பான் ஒரு கணக்கு, டான் இன்னொரு கணக்கு. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். ட்ரேசஸ் தளம் தனி. பிஎஃப், இஎஸ்ஐ, இ-வே பில், தொழில் வரி, மின்வாரியம், பேங்கின் நெட் பேங்கிங், கம்பெனி மின்னஞ்சலின் மீட்பு எண் என்று எல்லாவற்றையும் பாருங்கள். கடைசியாகச் சொன்ன மின்னஞ்சல் மீட்பு எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பாஸ்வேர்ட் மறந்துபோகிற அன்றைக்கு, மற்ற எல்லாத் தளங்களின் சாவியும் அந்த மின்னஞ்சலுக்குள்ளே இருக்கும்.

நெட் பேங்கிங்கில் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர் என்று இருந்தால், பயனரை மாற்ற பேங்குக்குப் படிவமும் கம்பெனி சார்பில் கையெழுத்தும் தேவைப்படும். சில நாள் எடுக்கும். அதனால் நோட்டீஸ் காலத்தின் முதல் வாரத்திலேயே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் மாற்றிய பிறகு ஒரு சோதனை: புதியவருடைய கம்ப்யூட்டரில் அவரையே ஒவ்வொரு தளத்திலும் உள்ளே போகச் சொல்லுங்கள். உங்கள் செல்லை மேஜையில் வைத்துப் பாருங்கள். அது சத்தம் போடுகிற தளம் எதுவோ அது இன்னும் மாறவில்லை.

பாஸ்வேர்ட் எல்லாம் குறிப்பிலேயே எழுதிடலாமா?

வேண்டாம். குறிப்பு பல கைக்குப் போகும். ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்புவார்கள், பிரிண்ட் எடுப்பார்கள். குறிப்பில் "பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும்" என்பது போதும். பாஸ்வேர்டுகளைத் தனி உறையிலோ கம்பெனி பயன்படுத்தும் பாஸ்வேர்ட் மேனேஜரிலோ முதலாளியிடம் கொடுத்துவிட்டு, கொடுத்ததாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் போன மறுநாளே அவற்றை மாற்றச் சொல்லுங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

டேலியில் வால்ட் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதை மறந்தால் அந்தக் கம்பெனி டேட்டாவைத் திறக்க வழி இல்லை. ஒப்படைக்கும் நாளில் புதியவர் கையாலேயே அதை அடித்துத் திறந்து பார்க்க வேண்டும். பேக்கப் எந்த ஃபோல்டரில் விழுகிறது என்று எழுதிவிட்டு, ஒரு பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்தும் காட்டுங்கள்.

டிஎஸ்சி டோக்கன் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அது கம்பெனிப் பொருள் மாதிரி தோன்றினாலும் ஒரு ஆளின் கையெழுத்து. உங்கள் பெயரில் இருந்தால், தளங்களில் பதிவை நீக்கிவிட்டு நீங்களே எடுத்துக்கொண்டு போக வேண்டும். முதலாளி பெயரில் இருப்பதை முதலாளி கையில் கொடுக்க வேண்டும். காலாவதித் தேதியைக் குறிப்பில் எழுதுங்கள்.

பாதியில் நிற்கிற வேலைகளை எப்படி எழுதுறது? "பேசிக்கிட்டு இருக்கோம்"னு எழுதினா போதாதா?

போதாது. அந்த ஒரு வரிக்கு மூன்று போன் வரும். ஒப்படைப்புக் குறிப்பிலேயே அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

முடிந்த வேலை டேலியில் இருக்கிறது, தொடங்காத வேலைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பாதியில் நிற்பதில் மட்டும்தான், என்ன பேசி வைத்திருக்கிறீர்கள் என்பது உங்கள் தலையிலும் எதிராளியின் தலையிலும் மட்டுமே இருக்கிறது. நீங்கள் போன பிறகு எதிராளி சொல்வதுதான் கணக்கு என்று ஆகிவிடும்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். டையிங் யூனிட் ஒன்றின் பில்லில் ஒரு பாக்கி இருக்கிறது. வழக்கமாக இப்படி எழுதுவார்கள்:

> டையிங் பில் – எடை வித்தியாசம் உள்ளது. பேசிக்கொண்டிருக்கிறோம். முழுப் பணம் கொடுக்க வேண்டாம்.

வருகிறவருக்கு இதிலிருந்து எதுவும் தெரியாது. எந்த பில், எவ்வளவு வித்தியாசம், யாரிடம் பேசுவது, எவ்வளவு பிடிப்பது, எப்போது வரை பிடிப்பது? டையிங் யூனிட்காரர் ஆபீஸுக்கு வந்து "முன்னாடி இருந்த தம்பி சரின்னு சொல்லிட்டாரே" என்றால் இவரால் பதில் சொல்ல முடியாது. இதையே இப்படி எழுதலாம்:

> ஜூன் 4-ல் டெலிவரி சலான் 118-ல் 600 கிலோ கிரே துணி டையிங்குக்குப் போனது. ஜூன் 15-ல் 552 கிலோ திரும்பியது. பேசி வைத்த பிராசஸ் லாஸ் 5 சதவீதம், அதாவது 30 கிலோ. மீதி 18 கிலோ ஷேடு வித்தியாசத்துக்காக மறு டையிங்கில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.
>
> பில் 600 கிலோவுக்கும் போட்டிருக்கிறார்கள், கிலோ 90 ரூபாய். 18 கிலோவுக்கு 1,620 ரூபாயும் 5 சதவீத ஜிஎஸ்டி 81 ரூபாயும் சேர்த்து 1,701 ரூபாயை நிறுத்தி வைத்து மீதியைக் கொடுத்தாகிவிட்டது. முதலாளிக்குத் தெரியும்.
>
> இப்போது அவர்கள் பக்கம் நிற்கிறது. ஜூலை 10-க்குள் துணி வந்தால் 1,701-ஐ விடுவிக்கலாம். வராவிட்டால் அதைக் கொடுக்காமல், 18 கிலோ துணியின் விலைக்கு டெபிட் நோட் போட வேண்டும். விலையை மெர்ச்சன்டைசரிடம் கேட்கவும். பேச வேண்டியது டையிங் யூனிட்டின் கணக்காளரிடம், மேனேஜரிடம் அல்ல. வாட்ஸ்அப்பில் பேசியதன் ஸ்க்ரீன்ஷாட் சலான் 118 ஃபோல்டரில் இருக்கிறது.

இதில் நான்கு விஷயம் இருக்கிறது. என்ன நடந்தது, இன்று எங்கே நிற்கிறது, அடுத்த அடி யார் வைக்க வேண்டும், எந்தத் தேதியில் என்ன முடிவு. நான்காவதுதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். "துணி வராவிட்டால் என்ன செய்வது" என்று நீங்கள் மனதில் ஏற்கெனவே முடிவு செய்திருப்பீர்கள். அதை எழுதாமல் போனால், வருகிறவர் ஒன்று சும்மா காத்திருப்பார், அல்லது உங்களைக் கூப்பிடுவார்.

எழுத்தில் இல்லாத பேச்சுவார்த்தையை எழுத்தில் கொண்டுவருவதும் இதில் சேரும். 5 சதவீத பிராசஸ் லாஸ் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது என்றால், நீங்கள் இருக்கும்போதே அவர்களுக்கு ஒரு மெசேஜ் போட்டு "சரி" என்று ஒரு பதில் வாங்கி வையுங்கள்.

பாதியில் நிற்பவை என்ன என்று நினைவுக்கு வரவில்லையா? டேலியில் பாக்கி நிற்கும் ஒவ்வொரு பார்ட்டியையும் திறந்து, "இது ஏன் இன்னும் நிற்கிறது?" என்று உங்களையே கேளுங்கள். கொடுத்து இன்னும் பேங்குக்கு வராத செக்குகளைப் பாருங்கள். செக் தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும், அதற்குப் பிறகு பார்ட்டி வேறு செக் கேட்டு வருவார். ஜாப் ஒர்க்குக்குப் போய்த் திரும்பாத டெலிவரி சலான்களைப் பாருங்கள். சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள், அதனால் பழைய சலான்களுக்கு அனுப்பிய தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் வந்திருக்கும் நோட்டீஸ்களில் பதில் போட்டது எது, போடாதது எது, பதில் சொல்லக் கடைசி நாள் எது என்பதும் இந்தப் பட்டியலில் வர வேண்டும்.

எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் "இது தப்பா இருக்கே"ன்னு போன் மேல போன். ஏன்?

தப்பு மாதிரி தெரிந்தாலும் சரியாக இருக்கும் விஷயங்களை நீங்கள் எழுதாமல் விட்டிருப்பீர்கள். உங்களுக்கு அவை பழகிப்போனதால் கண்ணில் படவே இல்லை. புதிய கண்ணுக்கு முதலில் படுவது அவைதான். நல்ல கணக்காளர் என்றால் கண்டிப்பாகக் கேட்பார். சொல்லப்போனால், கேட்காமல் அவரே "சரி" செய்துவிடுவதுதான் ஆபத்து.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். மாதச் சம்பளம் 22,000 வாங்கும் ஒரு சூப்பர்வைசருக்கு இஎஸ்ஐ பிடித்தம் போகிறது. உச்சவரம்பு 21,000 என்று தெரிந்தவர் இதைப் பார்த்ததும் பிழை என்று நிறுத்திவிடுவார். ஆனால் அவருக்கு ஜூலையில்தான் சம்பளம் உயர்ந்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலத்தின் நடுவில் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடர வேண்டும். குறிப்பில் "இவருக்கு செப்டம்பர் சம்பளம் வரை இஎஸ்ஐ, அக்டோபரிலிருந்து நிறுத்தவும்" என்று ஒரு வரி இருந்தால் போனும் இல்லை, பிழையும் இல்லை.

இன்னொன்று உள்ளீட்டு வரி. ஏப்ரலில் வந்த ஒரு காஜா பட்டன் யூனிட் பில் ஏப்ரல் மாத GSTR-2B-யில் இல்லை, மே மாதத்திலும் இல்லை. புதியவர் பயந்துபோய்ப் பணத்தை நிறுத்துவார், அல்லது அந்தச் சின்ன யூனிட்காரரிடம் சண்டைக்குப் போவார். விஷயம் இதுதான்: அவர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர். நடுவில் மாதாமாதம் பில்களை ஏற்றும் வசதியை அவர் பயன்படுத்துவதில்லை. ஏப்ரல் பில்லும் அவர் ஜூலை 13-க்குள் தாக்கல் செய்யும்போதுதான் ஏறும், ஜூலை 14-ல் வரும் ஜூன் மாத GSTR-2B-யில் தெரியும். இப்படி எந்தெந்தப் பார்ட்டிகள் என்று பெயர்ப் பட்டியல் கொடுத்துவிட்டால் போதும். அதோடு ஒரு எல்லையையும் சொல்லுங்கள்: "ஜூலை 14-க்குப் பிறகும் வராவிட்டால் அது உண்மையான பிரச்சினை, அப்போது பணத்தை நிறுத்தி அவரிடம் கேட்கவும்." விதிவிலக்கை எழுதும்போது அது எப்போது முடிகிறது என்பதையும் எழுதாவிட்டால், இரண்டு வருடம் கழித்தும் "முன்னாடி இருந்தவர் அப்படித்தான் எழுதியிருக்கார்" என்று அதையே செய்துகொண்டிருப்பார்கள்.

எத்தனை பக்கம் இருக்கணும்?

முதல் பக்கம் மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டியது. அடுத்த 45 நாளுக்கான தேதிகள், பாதியில் நிற்பவற்றின் தலைப்புகள், எதற்கு யாரைக் கேட்பது ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். அதைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் ஒட்டிக்கொள்வார்கள். பின்னால் எத்தனை பக்கம் போனாலும் பரவாயில்லை, தேடினால் கிடைத்தால் சரி. டேலியில் பில் எப்படிப் போடுவது என்று ஸ்க்ரீன்ஷாட் ஒட்டிப் பக்கத்தை நிரப்பாதீர்கள்.

யாரிடம் கேட்கணும்னு எழுதும்போது என் பெயரையே போட்டுடலாமா?

போடாதீர்கள். "சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடவும்" என்று ஒரு இடத்தில் எழுதினாலும், மற்ற எல்லா இடத்திலும் அதுவே சுலபமான வழியாகிவிடும். ஒவ்வொரு விஷயத்துக்கும் கம்பெனிக்குள்ளோ ஆடிட்டர் ஆபீஸிலோ ஒருவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். எடை வித்தியாசத்துக்கு ஸ்டோர் கீப்பர், ஷிப்மென்ட் தேதிக்கு மெர்ச்சன்டைசர், நோட்டீஸ்களுக்கு ஆடிட்டர். தேடிப் பார்த்தும் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் ஏதாவது மீதம் இருந்தால், அதை இன்னும் விரிவாக எழுத வேண்டும், அல்லது விலகும் முன் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மனிதர்களைப் பற்றி எழுதலாமா? சில பார்ட்டிகள் பணம் கொடுக்க இழுத்தடிப்பாங்க.

நடந்ததை எழுதுங்கள், குணத்தை எழுதாதீர்கள். "இவர் மோசம்" என்று எழுதினால் அந்தக் குறிப்பு ஒருநாள் அவர் கண்ணில் படலாம், தவிர புதியவருக்கு அதனால் பயனும் இல்லை. "பில் தேதியிலிருந்து 60 நாள் ஆகும், 45-வது நாள் ஸ்டேட்மென்ட் அனுப்பினால் அடுத்த வாரம் வரும், போனை விட மின்னஞ்சலுக்கு பதில் வரும்" என்று எழுதினால் அவர் உடனே பயன்படுத்தலாம்.

முதலாளி உங்களிடம் தனியாகச் சொன்ன விஷயங்கள், ஒரு தொழிலாளி வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி வாங்கிய அட்வான்ஸின் காரணம் இவையெல்லாம் குறிப்பில் வேண்டாம். அட்வான்ஸ் தொகையும் மாதப் பிடித்தமும் இருந்தால் போதும். மீதியை முதலாளி விரும்பினால் நேரில் சொல்லிக்கொள்வார்.

எனக்குப் பதிலா இன்னும் ஆளே எடுக்கலை. யாருக்கு எழுதுறது?

துறை தெரிந்த, கம்பெனி தெரியாத ஒருவருக்கு எழுதுங்கள். வேறு பனியன் கம்பெனியில் நாலு வருடம் கணக்குப் பார்த்தவர் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டால் அளவு சரியாக வரும். ஜிஎஸ்டி என்றால் என்ன என்று விளக்க வேண்டாம், "நம்ம ராஜா டையிங்" மாதிரி உள்ளே புழங்கும் சுருக்கப் பெயர்களுக்கு டேலி லெட்ஜர் பெயரை எழுத வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் 7, 11, 15, 20 இந்த நான்கு தேதிகளை யார் பார்ப்பது என்று முதலாளியிடம் கேட்டு, பெயர் போட்டு எழுதுங்கள். பெரும்பாலும் ஆடிட்டர் ஆபீஸ் எடுத்துக்கொள்ளும். ஆனால் கேட்டால்தான் எடுத்துக்கொள்ளும்.

எழுதினது போதுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

புதியவர் வந்துவிட்டால் ஒரு மாத GSTR-3B வேலையை முழுதாக அவரையே செய்யச் சொல்லுங்கள். குறிப்பு அவர் கையில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். டேலி விற்பனையையும் GSTR-1-ஐயும் ஒப்பிடுவது, கொள்முதலை GSTR-2B-யோடு பொருத்துவது, இந்த மாதம் எடுக்கக் கூடாத உள்ளீட்டு வரியை ஒதுக்குவது, சலான் போட்டுப் பணம் கட்டுவது என்று அவர் போகட்டும். அவர் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும் இடத்தில், பதில் சொல்வதற்கு முன் குறிப்பில் அந்த வரியை எழுதுங்கள், அப்புறம் அதைக் காட்டுங்கள். முதலில் கஷ்டமாக இருக்கும். நமக்கு மௌஸைப் பிடுங்கி நாமே செய்துவிடத் தோன்றும்.

சமர்ப்பிக்கும் பொத்தானை மட்டும் இருவரும் பார்த்த பிறகு அழுத்துங்கள். GSTR-3B-யைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த மாதத்துக்குத் திருத்த முடியாது.

ஆள் வரவில்லை என்றால் டிஸ்பாட்ச்சிலோ மெர்ச்சன்டைசிங்கிலோ இருக்கும் ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்து, "சலான் 118 பிரச்சினை என்னன்னு இதைப் படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். கணக்கு தெரியாதவருக்கே அது புரிந்தால் குறிப்பு சரியாக இருக்கிறது.

விலகின பிறகு எவ்வளவு நாள் வரைக்கும் போன் எடுக்கணும்?

போகும் முன் முதலாளியிடமும் புதியவரிடமும் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் மாதம் வாரத்தில் ஒருநாள் மாலை அரை மணி நேரம் என்றால் பெரும்பாலும் போதும். கேள்விகளைச் சேர்த்து வைத்து அன்றைக்குக் கேட்கட்டும். காத்திருக்கும்போதே பாதிக் கேள்விக்கு அவரே விடை கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் சொல்லும் பதிலை அவர் குறிப்பிலேயே சேர்க்க வேண்டும் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதே கேள்வி அடுத்த மாதமும் வரும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் தேதி தள்ளி இடம் விடுங்கள். நீங்கள் ஜூன் நடுவில் விலகினால், ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான டிடிஎஸ் காலாண்டு ரிட்டர்ன் ஜூலை 31-க்குள் போகும். அதில் ஏப்ரல், மே இரண்டு மாதச் சலான்களும் உங்கள் கையால் போட்டவை. ஒரு பார்ட்டியின் பான் எண்ணில் சந்தேகம், ஒரு சலானில் தொகை பொருந்தவில்லை என்று அப்போது ஒரு அழைப்பு வரலாம். அதை எடுத்துப் பேசுங்கள். தாமதக் கட்டணம் நாளுக்கு 200 ரூபாய் என்று ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு நிமிடத்தில் உங்களால் சொல்ல முடியும். அந்த இரண்டு மாதச் சலான்களையும், எந்த பில்லுக்கு எவ்வளவு பிடித்தது என்ற எக்ஸெல் ஷீட்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்துவிட்டுப் போனால் அந்த ஒரு அழைப்பும் வராமல் போக வாய்ப்பு அதிகம்.